கடல் கடந்து வரும் சுருதி: போர்கோ வெக்கியோப் பிள்ளைகளின் இணையவழிச் சங்கீத வகுப்பு



போர்கோ வெக்கியோச் சந்தைத் தெருவில் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்து பார்த்தால் ஒரு விடயம் காதில் விழும். மீன்காரரும் மரக்கறிக்காரரும் கடையை ஒதுக்கிவிட்டு உறங்கப் போயிருப்பார்கள். அந்த அமைதியில் ஏதோ ஒரு மேல்மாடி யன்னலிலிருந்து சரளி வரிசை கேட்கும். பாடுகிற பிள்ளை பலெர்மோவில் பிறந்தது. சொல்லிக் கொடுக்கிற ஆசிரியை கொக்குவிலிலோ சென்னையிலோ இருக்கிறார். 2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டபோது வேறு வழியில்லாமல் தொடங்கிய வகுப்புகள் பல இன்னும் தொடர்கின்றன. மருதனார்மடத்தில் இசை படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியைமார் ஊரில் இருந்தபடியே நாலு நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதே வேளை, இரண்டாம் வருடத்தில் பிள்ளை வகுப்பை விட்டுவிடுவதையும் நாம் காண்கிறோம். பிள்ளைக்கு விருப்பமில்லை, ஞானமில்லை என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் காரணம் பிள்ளையிடம் இருக்கவில்லை. நேரத்திலும் தாளத்திலும் சுருதியிலும் இருந்தது. மூன்றையும் சீர்ப்படுத்தலாம். இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நேரம். ஐரோப்பாவில் இது எமக்கொரு வாய்ப்பான இடம். இலண்டனிலும் பாரிசிலும் பிள்ளை மாலையில்தான் பாடசாலையால் வீடு வரும். சிசிலியில் பெரும்பாலான பாடசாலைகள் ஒன்றரை, இரண்டு மணியோடு முடிந்துவிடுகின்றன. பிள்ளை வந்து சாப்பிட்டு மூன்று மணிக்கு உட்கார்ந்தால், குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை. ஆசிரியை விளக்கு வைத்து, தன் வீட்டு வேலை முடித்து, களைப்பில்லாமல் இருக்கிற வேளை. இதையே மாலை ஆறு மணிக்கு வைத்தால் அங்கே இரவு பத்தரை. பத்தரை மணிக்கு ஒருவர் சத்தமாகப் பாடிக் காட்ட முடியாது. வீட்டில் மற்றவர்கள் படுத்திருப்பார்கள். அவர் மெல்லிய குரலில் முணுமுணுப்பார், பிள்ளையும் அந்த முணுமுணுப்பையே பழகிக்கொள்ளும். குரலைத் திறந்து பாடாத பிள்ளையைப் பார்த்தால், வகுப்பு எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள்.

ஆறு மணிக்கு வைப்பதில் இன்னொரு குறையும் உண்டு. அந்நேரம் சந்தை திரும்பவும் விழித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள், ஒலிபெருக்கி, கீழ்வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாகச் சேரும். பெற்றோரில் பலர் காலையும் மாலையும் வீட்டு வேலைகளுக்குப் போய் நடுவில் வீடு திரும்புகிறவர்கள். மூன்று மணி வகுப்பென்றால் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்கவும் முடியும்.

இனி மணிக்கூட்டை மாற்றும் நாள். இலங்கையும் இந்தியாவும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்கின்றன. வருடம் முழுவதும் மாறுவதில்லை. (இலங்கை 1996 இல் நேரத்தை மாற்றி, 2006 இல்தான் பழையபடி இந்திய நேரத்துக்கு வந்தது. ‘பழைய நேரமா புதிய நேரமா’ என்று கேட்டுக் கலியாணத்துக்குப் போன காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.) இத்தாலி குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலமும் கோடையில் இரண்டு மணித்தியாலமும் முன்னே நிற்கிறது. ஆகவே எமக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை. மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் நடக்கும்.

ஒரு ஆசிரியைக்கு பலெர்மோவில் ஒரு பிள்ளை, ரொறன்ரோவில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறே மணிக்கூட்டை மாற்றிவிடும். நாங்கள் மாற்ற இரண்டு, சில வருடங்களில் மூன்று கிழமை பிந்தும். அந்த இடைவெளியில் கனடாப் பிள்ளையின் வகுப்பு நகர்ந்து எங்கள் பிள்ளையின் நேரத்தில் வந்து விழும். ஒக்ரோபர் முடிவில் ஒரு கிழமை இதேபோல் எதிர்ப்பக்கமாக நடக்கும். ஆசிரியை இரண்டு பேரையும் ஒன்றாகத் திரையில் காண்பார். ஒருவர் திரும்பிப் போகவேண்டும்.

இதற்கு ஒழுங்கான வழி, வகுப்பு நேரத்தை ஆசிரியையின் மணிக்கூட்டில் நிறுத்துவதுதான். அவருடைய மணிக்கூடு அசைவதில்லை, அசைகிறவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் ஏழரை என்று எழுதிக்கொண்டால் பலெர்மோவில் குளிர்காலத்தில் மூன்று மணி, கோடையில் நாலு மணி. கைத்தொலைபேசி நாட்காட்டியில் வகுப்பைப் பதியும்போது நேர வலயத்தை Europe/Rome என்று விடாமல் Asia/Colombo என்று தெரிவுசெய்தால், மாறும் நாளில் அது தானே சரியான நேரத்தைக் காட்டும்.

கணக்கு எழுதும் தொழிலில் இருப்பதால் சம்பளத்தைப் பற்றியும் ஒரு சொல். மாதச் சம்பளம் என்று பேசினால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஒருவருக்கு மனக்குறை வரும். வருடத்துக்கு 52 கிழமை. மாதத்துக்கு நாலு என்று எண்ணினால் 48 தான் வருகிறது. நடந்த வகுப்பை எண்ணிக் கொடுப்பதே இரு பக்கத்துக்கும் நல்லது. பணம் அனுப்பும் செலவு ஒவ்வொரு முறையும் பிடிக்கப்படுவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து, முற்பணமாக அனுப்பலாம். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது எத்தனையோ வகுப்புகள் நின்றன. அப்போது எண்ணிக் கொடுத்த வீடுகளில் ஒரு வாக்குவாதமும் வரவில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். இணையவழியில் ஆசிரியையும் பிள்ளையும் ஒன்றாகப் பாட முடியாது. பலர் இதை இணைப்பின் குறை என்று எண்ணி அதிக பணம் கட்டி வேகமான இணைப்பு எடுக்கிறார்கள். எடுத்தாலும் தீராது.

பலெர்மோவிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 7,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். அப்படியே நேராகப் போனாலும் ஒரு வழிக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு வேண்டும். உண்மையில் பாதை நேரானதல்ல. 2005 இல் முடிந்த SEA-ME-WE 4 என்ற கடலடி வடம் பலெர்மோவிலும் கரை ஏறுகிறது, எகிப்தைத் தாண்டி மும்பாய், கொழும்பு, சென்னை என்று போகிறது. எங்கள் சத்தம் அந்த வடத்தாலேயே போக வேண்டும் என்றில்லை. வேறு நாட்டைச் சுற்றியும் போகும். அதற்கு மேல், சத்தத்தைத் துண்டு துண்டாக்கிப் பொதி கட்டவும், மறுகரையில் பிந்தி வரும் பொதிக்குக் காத்திருந்து ஒழுங்காக அவிழ்க்கவும் நேரம் செல்லும். எல்லாம் சேர ஒரு வழிக்குக் கால் வினாடி என்பது சாதாரணம். இருவர் சேர்ந்து தாளம் பிசகாமல் பாட வேண்டுமானால் தாமதம் வினாடியில் முப்பதில், நாற்பதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். கால் வினாடி அதைவிட ஏழெட்டு மடங்கு.

இதை வீட்டிலேயே அளக்கலாம். முதலில் தாயும் பிள்ளையும் ஒரே அறையில் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி இருபது வரை எண்ணட்டும். பன்னிரண்டு வினாடி எடுத்தது என்று வைப்போம். பிறகு ஆசிரியை தொடங்க, பிள்ளையும் அவருமாக அதே வேகத்தில் எண்ணட்டும். இருபது காதில் விழும்போது ஆசிரியை மணிக்கூட்டை நிறுத்தட்டும். பதினேழு வினாடி வந்தால், கூடின ஐந்து வினாடி பத்து முறை போய் வந்ததற்கானது. ஆகவே ஒருமுறை போய்வர அரை வினாடி.

இந்த அரை வினாடி பாட்டில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆசிரியை ஆதி தாளத்தை ஒரு எண்ணிக்கைக்கு ஒரு வினாடி வீதம் போடுகிறார். பிள்ளை தனக்குக் கேட்ட தட்டோடு மிகச் சரியாகப் பாடுகிறது. ஆசிரியையின் காதில் அது அரை எண்ணிக்கை பிந்தி விழுகிறது. முதலாம் காலத்தில் ஏதோ சோம்பலாகப் பாடுவதுபோலத் தெரியும். இரண்டாம் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு சுரம், ஆகவே ஒரு சுரம் முழுவதும் பிந்தும். மூன்றாம் காலத்தில் இரண்டு சுரம். ‘தாளம் பிடிக்கிறாய் இல்லை, வேகமாகப் பாடு’ என்று ஆசிரியை சொல்வார். பிள்ளை அவருடைய தட்டுக்கு முந்தப் பார்க்கும். அந்தக் கணமே அதற்குள் இருந்த நல்ல தாளம் கெட்டுவிடும். சரியாகப் பாடியதற்கே திட்டு வாங்குகிற பிள்ளை எத்தனை நாள் பொறுக்கும்?

ஆகையால் பழைய குருகுல முறையே இங்கு பொருந்துகிறது: ஆசிரியை ஒரு வரி பாடி நிறுத்த, பிள்ளை அதைத் திருப்பிப் பாடுவது. இதில் தாமதம் ஒரு சிறு இடைவெளி மட்டுமே, தாளத்தைத் தொடாது. பிள்ளை பாடும்போது ஆசிரியை தாளம் போடக்கூடாது. பிள்ளையே போட வேண்டும், அதுவும் சத்தம் கேட்கும்படி தொடையில் தட்டிப் போட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. குரலும் தட்டும் ஒரே ஒலிவாங்கிக்குள் போவதால் இரண்டும் ஒரே அளவு பிந்துகின்றன. ஒன்றுக்கொன்று உள்ள உறவு கெடாமல் ஆசிரியையிடம் சேருகிறது. கையைப் படத்தில் பார்த்துத் தாளம் திருத்தினால் பிழைபோகும், ஏனென்றால் படமும் சத்தமும் எப்போதும் ஒன்றாக வந்து சேருவதில்லை. ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பிள்ளையின் தாளம் எப்படி என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சுருதி. இங்கே ஒரு விந்தை உண்டு. தாமதத்தால் கெடாத ஒன்று தம்புராதான். அதில் மாறுவதற்கு ஒன்றுமில்லை. கால் வினாடி முந்திய சட்ஜமும் இப்போதைய சட்ஜமும் ஒன்றே. கடல் கடந்து இருவரும் உண்மையில் பகிர்ந்துகொள்ளக் கூடியது அது ஒன்றுதான். ஆனால் சூம் போன்ற செயலிகள் அதைத்தான் முதலில் வெட்டுகின்றன. அவை கூட்டங்களில் பேசுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். தம்புராவும் அதற்கு ஒரு மின்விசிறி. சில வேளை பிள்ளை நீட்டிப் பிடிக்கும் பஞ்சமத்தையும் நடுவில் தேய்த்துவிடும். ஆசிரியை ‘மூச்சு ஏன் விடுகிறாய்’ என்று கேட்பார். பிள்ளை மூச்சு விட்டிருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது இலகு. பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்க, சுருதிப்பெட்டியை மட்டும் ஒலிக்க விடுங்கள். அரை நிமிடம் கழித்து ஆசிரியைக்கு இன்னும் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் கணினியில் சூம் செயலியின் Settings, பிறகு Audio என்ற பகுதிக்குப் போய் Original sound for musicians என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். வகுப்பு நடக்கும்போதும் திரையின் மேல் மூலையில் அதே பெயரில் ஒரு பொத்தான் வரும். அதில் On என்று இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு தொடங்கும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். இதைப் பிள்ளையின் பக்கம், ஆசிரியையின் பக்கம் இரண்டிலும் செய்தால்தான் இரு வழியும் திறக்கும். இரைச்சலை அழிக்கும் வேலை நின்றுவிடுவதால் தெருச் சத்தமும் கூடவே போகும். மூன்று மணி வகுப்பின் அருமை இங்கேயும் விளங்கும். எதிரொலி வந்தால் பிள்ளை காதுக்குழாய் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் ஒரு காதில் மட்டும். மற்றக் காது தன் குரலையும் சுருதியையும் நேரே கேட்க வேண்டும்.

சுருதிப்பெட்டி பிள்ளையின் அறையில் இருக்க வேண்டும், வேறொரு தொலைபேசியில், ஒரு முழத் தூரத்தில். ஆசிரியை தன் பக்கச் சுருதியை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் சுருதியைக் கேட்டுப் பாட வேண்டும். இரண்டு பக்கமும் ஒலித்தால், இரண்டு பெட்டியும் மயிரிழை விலகியிருந்தாலும் அலையலையாக ஒரு நடுக்கம் கேட்கும். பிள்ளை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கும்.

எத்தனை கட்டை என்பதும் பிள்ளையைப் பார்த்தே. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை பொருந்தும். தார ஸ்தாயியில் பஞ்சமத்துக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைத்தால் சுருதி கூட. மந்திர பஞ்சமத்தில் குரல் காற்றாகப் போனால் குறைவு.

இங்கே இத்தாலியப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் தோ, ரே, மி என்று படித்து, புல்லாங்குழல்போன்ற சிறு குழலும் வாசிக்கிறார்கள். வீட்டில் ச, ரி, க. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை தானாகவே முடிவு செய்துவிடும்: ச என்றால் தோ. ஆனால் இத்தாலியில் தோ என்பது அசையாத ஒரு சுரம்; எங்கள் சட்ஜம் எந்தக் கட்டையில் வைத்தோமோ அங்கே இருக்கும். ஐந்து கட்டையில் சட்ஜம் சோல் என்ற இடத்தில் வரும். இது விளங்காத பிள்ளை வீட்டில் கீபோர்ட்டில் தோவிலிருந்து தொடங்கி வாசித்துப் பார்த்து, வகுப்பில் பாடியது பிழை என்று எண்ணிக்கொள்ளும்.

மோகனத்தை எடுத்துப் பார்த்தால் இதை விளங்கப்படுத்தலாம். ஐந்தே சுரம், ஏறினாலும் இறங்கினாலும் அதே ஐந்து: சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம். ஐந்து கட்டையில் இவை சோல், லா, சி, ரே, மி. ஐந்தும் கீபோர்ட்டின் வெள்ளைக் கட்டைகள். மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் கறுப்புக் கட்டையைத் தொடவே வேண்டியதில்லை. பிள்ளையை இதை வாசிக்கவிட்டு, பிறகு அதே மோகனத்தைத் தோவிலிருந்து வாசிக்கச் சொன்னால் தோ, ரே, மி, சோல், லா என்று வரும். இடம் மாறியும் இராகம் மாறவில்லை என்று தன் காதாலேயே அறிந்துகொள்ளும்.

மோகனம் என்று சொன்னதும் சினிமாப் பாட்டுக்கு வந்துவிடலாம். சினிமாப் பாட்டு வகுப்புக்குள் வரக்கூடாது என்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, உடன்பாடு இல்லை. ‘நின்னுக்கோரி’ என்ற மோகன வர்ணம் பூச்சி சீனிவாச ஐயங்கார் செய்தது, ஆதி தாளம், வர்ணம் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பவற்றில் ஒன்று. 1988 இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் இளையராசா அந்த வர்ணத்தின் முதற்சொல்லையும் மோகனத்தையும் எடுத்து ஒரு பாட்டு அமைத்தார், சித்ரா பாடினார். போர்கோ வெக்கியோவில் எங்கள் தெருவிலுள்ள பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று வர்ணத்தை ஆறு கிழமையாக முனகிக்கொண்டிருந்தது. தாய் சமைக்கும்போது அந்தப் பாட்டைப் போட, ‘அம்மா, இது என்ரை வகுப்புப் பாட்டு’ என்று இத்தாலியன் பாதி தமிழ் பாதியாகக் கத்தியதாம். அடுத்த கிழமை ஆசிரியை இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒன்றுபோல் போகிறது, எங்கே பிரிகிறது என்று பாடிக் காட்டினார்.

ஆனால் வரிசை முக்கியம். சினிமாப் பாட்டின் இசைத்தடம் ஏதோ ஒரு சுருதியில் பதிந்திருக்கும். அது பிள்ளையின் கட்டையாக இருக்க வேண்டியதில்லை. தடத்தோடு நேரே பாடவிட்டால் எட்டாத இடத்தில் கத்தும், எட்டும் இடத்தில் பாடும். முதலில் பிள்ளையின் சுருதிப்பெட்டியோடு, தாளம் தட்டி, தன் கட்டையில் பாடட்டும். மனப்பாடம் ஆனபின் தடத்தைச் செயலியால் பிள்ளையின் கட்டைக்கு ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். இரண்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் நகர்த்தினால் வாத்தியங்கள் இயல்பு கெட்டு ஒலிக்கும். தடம் எப்போதும் பிள்ளையின் அறையிலேயே ஒலிக்க வேண்டும். ஆசிரியையின் பக்கத்திலிருந்து ஒலித்தால் முன்சொன்ன அரை வினாடிக் கதைதான்.

இவ்வளவு செய்தும் இணையவழியில் சரியாக வராத ஒன்று கமகம். தோடி காந்தாரத்தின் அசைவும், பைரவியின் நுண்ணிய இழுப்பும் இணைப்பு தளரும்போது மழுங்கிவிடும். வகுப்பில் திருத்த முயன்றால் இருவரும் களைத்துப்போவார்கள். அதற்கு ஒலிப்பதிவுதான் வழி. ஆசிரியை அந்த ஒரு வரியை மட்டும், மெதுவாக, பிள்ளையின் சுருதியில் தன் தொலைபேசியில் பதிந்து அனுப்பட்டும். பதிந்து அனுப்பிய சத்தம் இணைப்பின் தடுமாற்றத்தில் சிதையாது. பிள்ளை அதைக் கேட்டுப் பழகி, சுருதியோடு பாடிப் பதிந்து திருப்பி அனுப்பட்டும். பாட்டு முழுவதையும் அனுப்பாமல் ஒரு வரி, ஒரு நிமிடத்துக்குள். நேர வித்தியாசம் இங்கு உதவிக்கு வருகிறது: பிள்ளை இரவு எட்டு மணிக்கு அனுப்பியதை ஆசிரியை விடியற்காலை எழுந்து, காது புதிதாக இருக்கும்போது கேட்டுத் திருத்தி அனுப்புவார். எங்கள் பிள்ளை ஏழு மணிக்குப் பாடசாலைக்கு ஆயத்தமாகும்போது பதில் வந்து காத்திருக்கும்.

அதைப் பிள்ளை அப்போதே கேட்க வேண்டாம். பாடசாலையால் வந்து, சாப்பிட்டு, தெரு அடங்கிய பிறகு கேட்கட்டும்.